முதலில் கண்ணில் படவேண்டிய எண்
ஒருபக்க டாஷ்போர்டை முறையாக அமைப்பது எப்படி?

நிறுவனத் தலைவர் ஒருவர் காலையில் தம் மேசையில் அமர்ந்ததும் பார்க்கும் ஒருபக்கத் தகவல் தாளை டாஷ்போர்டு என்கிறோம். அது கணினித் திரையில் இருக்கலாம். அச்சிட்ட ஏ4 தாளாகவும் இருக்கலாம். பல நிறுவனங்களில் இத்தாள் ஒரே அளவுள்ள பன்னிரண்டு பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். விற்பனை, உற்பத்தி, இருப்பு, வருகைப் பதிவு, மின் செலவு, வங்கி நிலுவை என ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு பெட்டியைப் பெற்றிருக்கும். எவருக்கும் மனக்குறை இராது. ஆனால் தாளைப் பார்ப்பவரின் கண் எங்கே முதலில் நிற்கவேண்டும் என்பதை அத்தாள் சொல்வதில்லை. எல்லாப் பெட்டிகளும் சமமாக இருக்கும்போது, பெரும்பாலும் மகிழ்ச்சி தரும் எண்ணிலேயே கண் தங்கிவிடுகிறது.

ஒருபக்க டாஷ்போர்டில் எந்த எண் முதலில் தெரியவேண்டும், அதை எவ்வாறு முதலில் தெரியச் செய்வது, அவ்வாறு தெரிகிறதா என்பதை எவ்வாறு சோதித்தறிவது என்னும் மூன்றையும் ஓர் எடுத்துக்காட்டின் துணைகொண்டு இப்பாடத்தில் காண்போம்.

எடுத்துக்காட்டு நிறுவனம்

பஞ்சாப் மாநிலத்தின் லூதியானா நகரம் மிதிவண்டித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கே மிதிவண்டி உதிரிபாகங்கள் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நிறுவனமும் அதன் கணக்குகளும் கற்பனையே; கணக்கிடும் முறை மட்டும் நடைமுறையில் உள்ளது.

இந்நிறுவனத்துக்கு வங்கியில் கேஷ் கிரெடிட் கணக்கு உண்டு. ஒப்பளிக்கப்பட்ட கடன் வரம்பு ரூ. 200 லட்சம். இன்று மாதத்தின் 7ஆம் தேதி காலை. இயக்குநரின் மேசையிலுள்ள தாளின் இடது மேல் மூலையில் நிறுவனத்தின் சின்னம் இருக்கிறது. அதற்கு வலப்பக்கத்தில் பெரிய பச்சை எழுத்துகளில் ‘சென்ற மாத விற்பனை ரூ. 96 லட்சம், சென்ற ஆண்டின் இதே மாதத்தைவிட 12 விழுக்காடு அதிகம்’ என்று அச்சிடப்பட்டுள்ளது. தாளின் அடிப்பகுதியில், மின் கட்டணத்துக்கும் வருகைப் பதிவுக்கும் நடுவே, ‘கேஷ் கிரெடிட் நிலுவை ரூ. 168 லட்சம்’ என்ற சிறிய வரி இருக்கிறது.

வரம்பு 200 லட்சம், எடுத்தது 168 லட்சம், எனவே இன்னும் 32 லட்சம் கைவசம் இருக்கிறது என்று இயக்குநர் மனக்கணக்குப் போடுகிறார். விற்பனையும் உயர்ந்துள்ளது. கவலைப்பட ஒன்றுமில்லை என்றே அவருக்குத் தோன்றும். உண்மையில், இன்னும் ஒன்பது நாட்களில் அவரால் எஃகு வாங்கியதற்கான தொகையை முழுமையாகச் செலுத்த இயலாது. அந்தச் செய்திக்கு வேண்டிய எண்கள் அனைத்தும் நிறுவனத்தின் கணக்கேடுகளில் உள்ளன. தாளின் அமைப்புதான் அவற்றை மறைத்துவிட்டது.

எந்த எண் முதலிடத்துக்கு உரியது?

முதலிடத்தைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய கேள்வி போதும். இந்த எண் மோசமாக இருந்தால், இயக்குநர் இன்று காலையிலேயே தம் செயலை மாற்றிக்கொள்வாரா? ஆம் எனில் அது முதலிடத்துக்குப் போட்டியிடத் தகுதியுள்ள எண். இல்லையெனில், அது எவ்வளவு பெருமைக்குரியதாயினும் கீழேதான் இருக்கவேண்டும்.

சென்ற மாத விற்பனையை இக்கேள்வியால் சோதிப்போம். அது 96 லட்சமாக இருந்தாலும் 86 லட்சமாக இருந்தாலும் முடிந்துபோன மாதத்தை எவரும் மாற்ற இயலாது. விற்பனைக் குழுவோடு மாதாந்தரக் கூட்டத்தில் பேசவேண்டிய எண் அது. வங்கி நிலுவை இதைவிட நெருக்கமானது. ஆயினும் 168 லட்சம் என்னும் எண் தனியாக எதையும் சொல்வதில்லை. எவ்வளவு எடுக்கலாம் என்பது தெரிந்தால்தான் எவ்வளவு எடுத்திருக்கிறோம் என்பதற்குப் பொருள் உண்டாகும்.

எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஒப்பளிக்கப்பட்ட வரம்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. டிராயிங் பவர் எனப்படும் எடுப்பு வரம்பு ஒன்றும் உண்டு. நிறுவனம் அளிக்கும் சரக்கிருப்பு அறிக்கையிலிருந்து வங்கி அதைக் கணக்கிடுகிறது. இவ்விரு வரம்புகளில் எது குறைவோ அதுவே செல்லும். விகிதங்கள் வங்கிக்கு வங்கி, கடனுக்குக் கடன் மாறுபடும். உங்கள் ஒப்புதல் கடிதத்தில் உள்ளவற்றையே நீங்கள் கொள்ளவேண்டும். நம் எடுத்துக்காட்டில் சரக்குக்கும் வரவேண்டிய பாக்கிக்கும் 25 விழுக்காடு மார்ஜின் என்றும், 90 நாட்களைத் தாண்டிய பாக்கி கணக்கில் சேராது என்றும் கொள்வோம்.

சரக்கிருப்பு ரூ. 140 லட்சம். அதில் இன்னும் பணம் தராமல் வாங்கியுள்ள சரக்கு 40 லட்சம். எஞ்சிய 100 லட்சத்தில் மார்ஜினைக் கழித்தால் 75 லட்சம். வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டியது 190 லட்சம். அதில் 90 நாட்களைத் தாண்டியது 50 லட்சம். எஞ்சிய 140 லட்சத்தில் மார்ஜினைக் கழித்தால் 105 லட்சம். இரண்டையும் கூட்ட, எடுப்பு வரம்பு 180 லட்சம் ஆகிறது. ஏற்கெனவே எடுத்தது 168 லட்சம். ஆகவே இன்று எடுக்கக்கூடியது 12 லட்சமே. இயக்குநர் எண்ணியபடி 32 லட்சம் அன்று.

இந்த 12 லட்சம் முதலிடத்துக்கு ஏற்றதா? ஓரளவுக்கே ஏற்றது. அது இன்றைய நிலையைச் சொல்கிறது. இயக்குநர் எடுக்கவேண்டிய முடிவோ வரும் நாட்களைப் பற்றியது. ஆதலால் இன்னும் ஓர் அடி முன்னே செல்வோம். அடுத்த பதினான்கு நாட்களில் உறுதியாகச் செலுத்தவேண்டியவற்றையும், வாங்குபவர் தேதி குறித்து உறுதி சொன்ன வரவுகளையும் நாள்வாரியாக வைத்துப் பார்ப்போம்.

7ஆம் தேதி ஊதியம் 9 லட்சம் போக 3 லட்சம் மிஞ்சும். 11ஆம் தேதி 8 லட்சம் வரவு வர, 11 லட்சம் ஆகும். 15ஆம் தேதி வருங்கால வைப்பு நிதிக்கு 2 லட்சம் செலுத்தினால் 9 லட்சம். 16ஆம் தேதி எஃகு வாங்கியதற்கு 14 லட்சம் தரவேண்டும்; அன்று கணக்கு 5 லட்சம் பற்றாக்குறைக்குச் செல்லும். 18ஆம் தேதி 4 லட்சம் வரவு வந்தும் 1 லட்சம் பற்றாக்குறை நீடிக்கும். 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. 6 லட்சம் சேர, பற்றாக்குறை 7 லட்சமாகும்.

இவற்றிலிருந்து இயக்குநருக்கு வேண்டிய ஒரே எண் கிடைத்துவிட்டது. அடுத்த 14 நாட்களில் எடுக்கக்கூடிய தொகையின் மிகத் தாழ்ந்த நிலை என்பதே அது. இன்று அந்த எண், 20ஆம் தேதிக்கு 7 லட்சம் பற்றாக்குறை என்று காட்டுகிறது. இதைக் கண்டபின் எவரும் இன்றைய வேலையை நேற்றுப்போல் தொடரமாட்டார்.

இதன் பின்னணியில் வங்கி வாடிக்கையாளர் நினைவிற்கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கேஷ் கிரெடிட் கணக்கின் நிலுவை ஒப்பளிக்கப்பட்ட வரம்பையோ எடுப்பு வரம்பையோ தாண்டிய நிலையில் 90 நாட்கள் தொடர்ந்து இருந்தால் அது வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதற்கு நெடுநாள் முன்பே காசோலை திரும்புதல், எஃகு வணிகரின் நம்பிக்கை குறைதல் ஆகிய இன்னல்கள் வந்துசேரும். இவற்றைத் தடுக்க ஒன்பது நாட்கள் இருக்கும்போது அறிவதும், ஒன்பதாம் நாளில் அறிவதும் ஒன்றல்ல.

கணக்கிடும் தாள்

இந்த எண்ணைப் பெற விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. எக்செல் தாளின் B2 கட்டத்தில் ஒப்பளிக்கப்பட்ட வரம்பு, B3 கட்டத்தில் எடுப்பு வரம்பு, B4 கட்டத்தில் இன்றைய நிலுவை ஆகியவற்றை இடவேண்டும். ஏழாம் வரிசை முதல் இருபதாம் வரிசை வரை A நிரலில் தேதி, B நிரலில் வரவு, C நிரலில் செலவு, D நிரலில் அன்றைய இறுதியில் எடுக்கக்கூடிய தொகை. D6 கட்டம் தொடக்கத் தொகையைத் தருகிறது.

```
D6:  =MIN(B2,B3)-B4
D7:  =D6+B7-C7
```

D7 கட்டத்தை D20 வரை கீழே நகலெடுத்தால் நாள்வாரி நிலை வந்துவிடும். டாஷ்போர்டின் முதலிடத்துக்குச் செல்லும் எண்ணையும் அதற்குரிய தேதியையும் பின்வரும் இரண்டு வாய்பாடுகள் தரும்.

```
=MIN(D7:D20)
=INDEX(A7:A20,MATCH(MIN(D7:D20),D7:D20,0))
```

இக்கணக்குத் தாள் வேறு, டாஷ்போர்டு வேறு. கணக்குத் தாளைக் கணக்காளர் நிரப்புவார். டாஷ்போர்டு அதன் விடையை மட்டும் எடுத்துக் காட்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்தால் முதலில் தெரியவேண்டிய எண் மீண்டும் கூட்டத்தில் மறைந்துவிடும்.

இடம், அளவு, வெற்றிடம்

எண்ணைத் தேர்ந்தபின் அதற்கு இருக்கை அமைக்கவேண்டும். தமிழ், இந்தி, ஆங்கிலம் போன்று இடமிருந்து வலமாக எழுதப்படும் மொழிகளைப் படித்துப் பழகியவரின் கண் பெரும்பாலும் தாளின் இடது மேல் பகுதியிலிருந்தே தொடங்குகிறது. பல நிறுவனங்கள் அந்த இடத்தைத் தம் சின்னத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. தம் நிறுவனத்தின் பெயரை இயக்குநர் அறிவார். நாள்தோறும் அதை முதலில் படிக்கத் தேவையில்லை. சின்னம் தாளின் கீழ் வலது மூலைக்குச் செல்லட்டும்.

ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள். மேல் பட்டை ஏறக்குறைய உயரத்தின் மூன்றில் ஒரு பங்கு. அதன் இடப்புறத்தில் நம் முதன்மை எண் மட்டுமே இடம்பெறவேண்டும். எழுத்தளவு 48 புள்ளி இருக்கலாம். தாளில் அடுத்த பெரிய எண் 20 புள்ளியைத் தாண்டக்கூடாது. பெயர்க்குறிப்புகளுக்கு 10 அல்லது 11 புள்ளி போதும். முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடையிலான வேறுபாடு கண்ணுக்கு உடனே புலப்படவேண்டும். 24 புள்ளிக்கும் 20 புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை அளவுகோல் வைத்தால் அறியலாம். ஒரு பார்வையில் அறிய இயலாது.

எண்ணைச் சுற்றி இடம் காலியாக விடுவதும் அதைப் பெரிதாக்கும் ஒரு வழிதான். காலியிடம் வீணாகிறதே என்று எண்ணி அங்கே இரண்டு சிறு பெட்டிகளை நுழைக்கும் ஆசை எழும். அதற்கு இடங்கொடுத்தால் 48 புள்ளி எழுத்தும் நெரிசலில் சிக்கிவிடும்.

அடுத்து, எண்ணை எழுதும் முறை. ‘-7,03,418.00’ என்று எழுதினால் படிப்பவர் முதலில் காற்புள்ளிகளை எண்ணுகிறார். குறைக்குறி சிறிதாக இருப்பதால் அதைத் தவறவிடவும் கூடும். ‘பற்றாக்குறை ரூ. 7 லட்சம்’ என்று சொல்லாலேயே எழுதுங்கள். அதன் கீழே இரண்டு சிறிய வரிகள் இருக்கவேண்டும். முதல் வரி, ‘20ஆம் தேதி, 16ஆம் தேதி முதல் பற்றாக்குறை’. இரண்டாம் வரி, ‘இருக்கவேண்டிய குறைந்த அளவு ரூ. 3 லட்சம்’. எந்த எண்ணும் ஒப்பீடு இல்லாமல் நல்லதா தீயதா என்பதைச் சொல்லாது. அந்த ஒப்பீட்டை வேறோர் இடத்தில் தேடவைக்கக்கூடாது.

நிறத்தைச் சிக்கனமாகச் செலவிடுதல்

நிறம் மிக விரைவாகக் கண்ணை இழுக்கும்; ஆதலால் மிக விரைவாக வீணாகவும் செய்யும். பன்னிரண்டு பெட்டிகளில் ஐந்து சிவப்பு, நான்கு மஞ்சள், மூன்று பச்சை என்றால் சிவப்புக்கு எந்தப் பொருளும் இல்லை. தாள் முழுவதும் கறுப்பு, சாம்பல் ஆகிய இரண்டு நிறங்களிலேயே இருக்கட்டும். எல்லை மீறிய எண்ணுக்கு மட்டும் சிவப்பு. நல்ல நிலையில் உள்ளவற்றைப் பச்சையாக்க வேண்டியதில்லை. அவை அமைதியாக இருப்பதே நல்ல நிலையின் அடையாளம்.

எக்செலில் இதற்கென `Conditional Formatting` என்ற வசதி உண்டு. எண் 3 லட்சத்துக்குக் கீழே சென்றால் மட்டும் எழுத்து சிவப்பாக மாறும்படி அமைக்கலாம். கையால் நிறம் தீட்டக்கூடாது. மறந்துபோன பழைய சிவப்பு ஒன்று இரண்டு முறை ஏமாற்றினால், மூன்றாம் முறை உண்மையான சிவப்பையும் எவரும் நம்பமாட்டார்.

ஆண்களில் ஒரு பகுதியினருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். கறுப்பு வெள்ளை அச்சுப்பொறியில் எல்லோருக்குமே அது இயலாது. ஆகவே நிறம் சொல்வதைச் சொல்லும் சொல்லவேண்டும். ‘பற்றாக்குறை’ என்ற சொல் நிறமிழந்த தாளிலும் தன் பணியைச் செய்யும்.

காரணங்களை அடுத்த பட்டையில் வைத்தல்

முதல் எண்ணைக் கண்டவர் மனத்தில் எழும் முதல் கேள்வி, ‘ஏன்?’ என்பது. அடுத்த பட்டை அக்கேள்விக்கு விடையாக இருக்கவேண்டும். துறைவாரியாகப் பெட்டிகளை அடுக்கினால் அந்த விடை கிடைக்காது.

மேல் பட்டையின் வலப்புறத்தில் பதினான்கு நாள் நிலையை ஒரு கோட்டுப் படமாக வரையலாம். பூஜ்யத்தில் ஒரு மெல்லிய கிடைக்கோடு. நிலை எந்த நாளில் அக்கோட்டைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்பதைக் கண் தானே கண்டுகொள்ளும். வாகனங்களில் உள்ளது போன்ற வட்டமுள் படங்களை இங்கே தவிர்ப்பது நல்லது. வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் ஆகிய இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான அளவுகோலின்மீது உள்ள புள்ளிகளின் இடத்தை ஒப்பிடுவதில் மனிதர் காட்டும் துல்லியம், கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் இல்லை என்று காட்டினர். வட்டமுள் நிறைய இடத்தை எடுத்துக்கொண்டு இன்றைய நிலை ஒன்றை மட்டுமே சொல்லும். கோட்டுப் படமோ அதே இடத்தில் பதினான்கு நாட்களையும் சொல்லும்.

நடுப்பட்டையில் மூன்று எண்கள் போதும். முதலாவது, எடுப்பு வரம்பு: ‘ரூ. 180 லட்சம், சென்ற மாதம் 195 லட்சம்’. இரண்டாவது, 90 நாட்களைத் தாண்டிய பாக்கி: ‘ரூ. 50 லட்சம், சென்ற மாதம் 30 லட்சம்’. மூன்றாவது, 14 நாட்களில் செலுத்தவேண்டியது: ‘ரூ. 31 லட்சம், உறுதியான வரவு 12 லட்சம்’.

இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்ததும் ஓர் உண்மை வெளிப்படுகிறது. ஒரே மாதத்தில் 20 லட்சம் பாக்கி 90 நாட்களைத் தாண்டிவிட்டது. அதனால் அத்தொகையின் 75 விழுக்காடாகிய 15 லட்சம் எடுப்பு வரம்பிலிருந்து கழிந்துவிட்டது. விற்பனை உயர்ந்துகொண்டிருந்த அதே மாதத்தில், பழைய விற்பனையின் பணம் வராததால் வங்கியில் எடுக்கக்கூடிய தொகை சுருங்கியிருக்கிறது. எடுப்பு வரம்பு ஒரு மூலையிலும் பழைய பாக்கி மற்றொரு மூலையிலும் இருந்தால் இத்தொடர்பை எவரும் காணமாட்டார்.

எதைச் செய்யவேண்டும் என்பதையும் இந்த அடுக்கே சுட்டுகிறது. 20ஆம் தேதி 3 லட்சமாவது மிஞ்சவேண்டும் என்றால், 16ஆம் தேதிக்குள் 10 லட்சம் கூடுதலாக வரவேண்டும். அதை யாரிடம் கேட்பது? 90 நாட்களுக்கு உட்பட்ட பாக்கியிலிருந்து 10 லட்சத்தை முன்கூட்டியே வாங்கினால் கணக்கில் 10 லட்சம் சேரும். ஆனால் அடுத்த சரக்கிருப்பு அறிக்கையில் எடுப்பு வரம்பு 7.5 லட்சம் குறையும். இறுதியில் கிட்டுவது 2.5 லட்சமே. 90 நாட்களைத் தாண்டிய பாக்கியிலிருந்து 10 லட்சம் வசூலித்தால் எடுப்பு வரம்பில் எந்தக் குறைவும் நேராது. ஏனெனில் அத்தொகை ஏற்கெனவே கணக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. முழு 10 லட்சமும் நிறுவனத்துக்கு உதவும். எளிதில் பணம் தரும் நல்ல வாடிக்கையாளரை நெருக்குவதே இயல்பாக எவருக்கும் தோன்றும் வழி. பழைய பாக்கிக்காரரை இன்றே நேரில் சென்று காண்பதே இங்கு மெய்யான தீர்வு. எஃகு வணிகரிடம் ஒரு வாரத் தவணை கேட்பதும், வங்கிக் கிளை மேலாளரிடம் முன்கூட்டியே நிலைமையைச் சொல்வதும் அதற்குத் துணைசெய்யும்.

விற்பனை, உற்பத்தி, கழிவு விழுக்காடு ஆகியவை அடிப்பட்டையில் சிறிய எழுத்தில் இருக்கலாம். மின் கட்டணம், வருகைப் பதிவு போன்றவற்றை அதே முதற்கேள்வியால் சோதியுங்கள். இன்று காலை எந்தச் செயலையும் மாற்றாதவை இரண்டாம் தாளுக்குச் செல்லட்டும்.

அமைப்பு சரியா என்பதைச் சோதித்தல்

தாளை வடிவமைத்தவருக்கு அதில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். எனவே பிறரைக் கொண்டு சோதிக்கவேண்டும். கணக்குப் பிரிவில் ஒருவர், தொழிற்கூடத்தில் ஒருவர், நிறுவனத்துக்கு வெளியே ஒருவர் என மூவரிடம் தனித்தனியே தாளைக் காட்டுங்கள். ஐந்து விநாடியில் தாளைக் கவிழ்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலில் எதைக் கண்டீர்கள்? அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? எந்த நாளைப் பற்றியது? மூவரும் ஒரே விடையைச் சொன்னால் அமைப்பு சரி. ஒருவர் ‘விற்பனை’ என்றால் அடிப்பட்டையின் எழுத்து இன்னும் பெரிதாகவோ தடிமனாகவோ இருக்கிறது என்று பொருள். ‘கெட்ட செய்தி, ஆனால் எப்போது என்று தெரியவில்லை’ என்றால் தேதி எண்ணிலிருந்து விலகிப் போயிருக்கிறது.

தனியாக இருக்கும்போது இன்னொரு சோதனை செய்யலாம். கண்களைப் பாதி மூடி, எழுத்துகள் மங்கும்படி தாளைப் பாருங்கள். அப்போதும் தனித்து நிற்கும் பகுதியே படிப்பவர் முதலில் காணும் பகுதி. அது முதன்மை எண்ணாக இல்லாமல் ஒரு கட்டக்கோடாகவோ நிழலிட்ட தலைப்பாகவோ இருந்தால் அதை நீக்கிவிடுங்கள்.

முதலிடத்தின் பொறுப்பு

ஓர் எண்ணை இவ்வளவு பெரிதாகக் காட்டும்போது அதன் பிழையும் அவ்வளவு பெரிதாகிவிடுகிறது. இந்த எண்ணில் பிழை நுழையும் வழிகள் முதன்மையாக இரண்டு.

ஒன்று, வராத வரவை எழுதிவைத்தல். ‘அவர் எப்படியும் இந்த வாரம் கொடுத்துவிடுவார்’ என்ற நம்பிக்கை B நிரலில் எண்ணாக நுழைந்தால் பற்றாக்குறை தாளில் மட்டும் மறையும். வாங்குபவர் தேதி குறித்து உறுதி சொன்ன தொகையை மட்டுமே சேர்க்கவேண்டும். இதைக் கண்காணிக்க, தாளின் அடியில் ஒரு வரி இருக்கட்டும்: ‘சென்ற வாரம் எதிர்பார்த்த வரவு இவ்வளவு, வந்தது இவ்வளவு’. வாரந்தோறும் வந்தது எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தால், முதலிடத்து எண்ணும் அதே அளவுக்கு மிகைப்படுகிறது என்று அறியலாம்.

மற்றொன்று, பழைய எடுப்பு வரம்பு. புதிய சரக்கிருப்பு அறிக்கை அளித்ததும் எடுப்பு வரம்பு மாறும். B3 கட்டத்தில் சென்ற மாத எண்ணே இருந்தால், நம் எடுத்துக்காட்டில் பற்றாக்குறை 7 லட்சம் என்பதற்கு மாறாக 8 லட்சம் மிச்சம் என்று தாள் காட்டியிருக்கும். ஆதலால் எடுப்பு வரம்பின் அருகில் அது எந்த நாளின் அறிக்கையைக் கொண்டது என்பதை எழுதவேண்டும். அறிக்கையை உரிய காலத்தில் அளிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் பழமையான அறிக்கையைக் கொண்ட எடுப்பு வரம்பின் அடிப்படையில் எடுத்த தொகையை, ரிசர்வ் வங்கியின் விதிகள் ஒழுங்கற்றதாகவே கருதுகின்றன.

எல்லா நிறுவனங்களுக்கும் இதே எண் முதலிடத்துக்கு உரியதன்று. கடனே இல்லாமல் நடக்கும் நிறுவனத்தில் எடுப்பு வரம்புக்கு வேலையில்லை. விரைவில் கெடும் பொருளை விற்பவருக்கு, இன்னும் மூன்று நாட்களில் காலாவதியாகும் சரக்கின் மதிப்பே முதலில் தெரியவேண்டியதாகலாம். தேர்வு மாறும், இன்று காலைச் செயலை மாற்றும் எண் எது என்ற கேள்வி மாறாது.

தேர்ந்தெடுத்த பின் அந்த இடத்தை அடிக்கடி மாற்றவும் கூடாது. ஒரு வாரம் கழிவு விழுக்காடு உயர்ந்துவிட்டது என்பதற்காக அதை மேலே ஏற்றி முதன்மை எண்ணைக் கீழே இறக்கினால், நாள்தோறும் ஒரே இடத்தில் பார்த்துப் பழகிய கண் தடுமாறும். கழிவு விழுக்காடு தன் இடத்திலேயே சிவப்பாக மாறட்டும். தாளில் வேறு சிவப்பு இல்லாதபோது அது அடிப்பட்டையிலும் தப்பாமல் தெரியும். ஆண்டுக்கொரு முறை, கணக்காண்டு தொடங்கும் ஏப்ரலில், முதலிடத்து எண் இன்னும் அவ்விடத்துக்கு உரியதுதானா என்று மீண்டும் கேட்டுப் பார்த்தால் போதுமானது.